மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு, பதற்றம் வேறு

‘டிப்ரெஷன்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டால் பலரும் ‘மன அழுத்தம்’ என்று சொல்கிறார்கள். ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு என்ன சொல் என்று கேட்டாலும் அதே விடைதான் வருகிறது. செய்திகளிலும் இரண்டும் ஒரே பெயரில்தான் வலம்வருகின்றன. ஆங்கிலச் சொல்லுக்குள் ‘கீழே அழுத்துதல்’ என்ற பொருள் இருப்பதால் அதை அப்படியே ‘அழுத்தம்’ என்று பெயர்த்தது ஒரு காரணமாக இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், ஒரு நோய்க்கும் நோயல்லாத ஒரு நிலைக்கும் ஒரே பெயர் நிலைத்துவிட்டது.

மனநலப் பிரிவில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு விளக்கம் சொல்லும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஒரு சொல் சரியா தவறா என்பதை நான் அகராதியை வைத்து முடிவு செய்வதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதை வைத்தே முடிவு செய்கிறேன். ‘அவளுக்கு மன அழுத்தம்’ என்று சொன்னால், வீட்டார் வேலையைக் குறைக்கச் சொல்வார்கள், நான்கு நாள் எங்காவது போய்வரச் சொல்வார்கள். வந்திருப்பது ஸ்ட்ரெஸ் என்றால் அது நல்ல அறிவுரை. வந்திருப்பது டிப்ரெஷன் என்றால், அந்த நான்கு நாள் கழிந்தும் தேறாதபோது, ‘இவ்வளவு செய்தும் இப்படியே இருக்கிறாளே’ என்ற சலிப்பு வீட்டாருக்கும், ‘எனக்காக எல்லோரும் இவ்வளவு செய்தும் என்னால் எழ முடியவில்லையே’ என்ற குற்றவுணர்வு அவருக்கும் வந்து சேர்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை ஸ்ட்ரெஸ் என்ற பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். டிப்ரெஷனுக்கு ‘மனச்சோர்வு நோய்’ என்றும், ஆன்க்சைட்டிக்குப் ‘பதற்றம்’ என்றும், அது நோயாக முற்றும்போது ‘பதற்ற நோய்’ என்றும் எழுதுகிறேன்.

மன அழுத்தத்தை விளக்க அதிக இடம் தேவையில்லை. வெளியிலிருந்து ஒரு சுமை வந்து மனத்தின் மேல் உட்காருகிறது. தேர்வாக இருக்கலாம், கடன் தவணையாக இருக்கலாம், நோயுற்ற மாமியாரைப் பார்த்துக்கொள்வதாக இருக்கலாம். சுமை இறங்கினால் மனமும் பெரும்பாலும் இறங்கிவிடும். தேர்வு முடிந்த மாலையில் நன்றாகத் தூங்கி, மறுநாள் பிடித்ததைச் சாப்பிட்டு, நண்பர்களோடு சிரிக்க முடிந்தால் அது மன அழுத்தம்தான். நீண்ட காலம் இறங்காமலே கிடக்கும் மன அழுத்தம் மனச்சோர்வு நோயைக் கொண்டுவரக்கூடும். ஆனால் காரணமும் விளைவும் ஒன்றல்ல.

மனச்சோர்வு நோயின் இயல்பு வேறு. அதற்கு வெளியே ஒரு காரணம் இருந்தும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். காரணம் நீங்கினாலும் அது நீங்காமல் நிற்கும். மருத்துவர்கள் பார்க்கும் குறைந்தபட்சக் கால அளவு 2 வாரம். அந்த 2 வாரமும் ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும் அந்த நிலை நீடித்திருக்க வேண்டும். அதில் இரண்டு அறிகுறிகள் தலையானவை. ஒன்று, மனம் தாழ்ந்தே கிடப்பது. மற்றொன்று, முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது. இரண்டில் ஒன்றாவது இல்லாமல் மனச்சோர்வு நோய் என்று சொல்வதில்லை. இவற்றோடு தூக்கம், பசி, உடல் வலு, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு, உடல் அசைவின் வேகம், சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றில் மாற்றங்கள் சேர்ந்து, மொத்தம் 5 அறிகுறிகளாவது கூடி, அன்றாட வாழ்க்கை தடைபடும்போதுதான் அந்தப் பெயரை வைக்கிறார்கள்.

இதில் இரண்டாவது தலையான அறிகுறியை நம்மவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். டிப்ரெஷன் என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். அழாமலே, துயரம் என்று ஒன்றைச் சொல்லாமலே, வெறுமனே எதிலும் ருசியில்லாமல் போய்விடுவதும் இதே நோய்தான். ‘ஒண்ணும் ஓடல’, ‘எதுவும் பிடிக்கல’, ‘மனசு விட்டுப்போச்சு’ என்று நம் பேச்சில் இதற்கு நல்ல தொடர்கள் இருக்கின்றன. அவற்றைப் பேச்சுவழக்கென்று ஒதுக்காமல் காதுகொடுத்துக் கேட்டாலே பாதி நோயைக் கண்டுகொள்ளலாம்.

நான் பார்த்த பலரையும் சேர்த்து ஒருவராக்கி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 46 வயதுப் பெண். தையல் வேலை செய்பவர். மூன்று மாதமாக ‘உடம்பெல்லாம் அசதி’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்குப் படுத்தால் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. துணி வெட்ட மேசையில் விரித்து வைத்த சேலை மூன்று நாளாக அப்படியே கிடந்தது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் கொண்டுவரும் துணியைத் தடவிப் பார்த்து ‘இதுக்கு இந்தக் கழுத்துதான் எடுப்பா இருக்கும்’ என்று தானாகவே சொல்லக்கூடியவர், இப்போது ‘எப்படி வேணுமோ சொல்லுங்க’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். இதை முதலில் கவனித்தவர் அவருடைய மகள்.

வீட்டில் வைத்த முதல் பெயர் ‘நரம்புத் தளர்ச்சி’. இந்தச் சொல்லைப் பற்றி நின்று பேச வேண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்திலும் இதே போன்ற ஒரு கருத்து இருந்தது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869இல் அதை எழுதிப் பரப்பினார். நரம்பின் வலு தீர்ந்துபோவதால் களைப்பும் கவலையும் தலைவலியும் வருகின்றன என்பது அதன் சாரம். அந்தக் கருத்து மருத்துவத்தில் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. நம் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கைநடுக்கம், களைப்பு, தூக்கமின்மை, படபடப்பு, பாலியல் குறைகள் என எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லில் போட்டுக் கட்டுகிறோம். அதைக் கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பாருங்கள்: சத்து ஊசி போட்டுக்கொள்கிறார், டானிக் வாங்குகிறார், சுவரொட்டி விளம்பரத்தில் இருக்கும் முகவரிக்குப் போகிறார். உண்மையிலேயே நரம்பு சம்பந்தமான நோய் இருந்தால் அதற்கான பரிசோதனையும் தள்ளிப்போகிறது. மனச்சோர்வு இருந்தால் அதற்கான சிகிச்சையும் தள்ளிப்போகிறது. ஒரு காரணத்துக்காக மட்டும் இந்தச் சொல்லை மக்கள் விரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். நரம்பு என்று சொன்னால் உடம்பின் குறை. மனம் என்று சொன்னால் ஆளின் குறை என்று நாம் பழகியிருக்கிறோம். அந்த வெட்கத்தைப் போக்காமல் சொல்லை மட்டும் பிடுங்கினால், அவர்கள் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் வாயை மூடிக்கொள்வார்கள்.

அந்தத் தாய்க்கும் ஊசி போட்டார்கள். பயனில்லை. பிறகு உறவினர் ஒருவர் ‘கண் பட்டிருக்கும்’ என்றார், கோயிலுக்குப் போய்வந்தார்கள். கோயிலுக்குப் போனதில் ஒரு தவறும் இல்லை; அன்று இரவு மனம் சற்று ஆறுதலாக இருந்தது என்று அவரே சொன்னார். வழிபாட்டை நிறுத்தச் சொல்லும் மருத்துவரை நான் மதிக்க மாட்டேன். ஆனால் ‘கண் பட்டது’ என்ற விளக்கத்தோடு இரண்டு மாதம் கழிந்தது, அந்த இரண்டு மாதத்தில் அவர் ஐந்து கிலோ மெலிந்தார். ஆறுதலுக்கு ஒன்றும் சிகிச்சைக்கு ஒன்றுமாக இரண்டையும் சேர்த்தே நடத்தலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

மகள்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துவந்தார். அங்கே ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை நிரப்பினார்கள். இது பி.எச்.க்யூ-9 என்ற பெயரில் உலகம் முழுவதும் பயன்படுவது; 2001இல் வெளியானது. கடந்த 2 வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. ஒன்பதுக்கும் சேர்த்து அதிகபட்சம் 27. கூட்டுத்தொகை 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை நடுத்தரம், 15 முதல் 19 வரை நடுத்தரத்தைத் தாண்டிய கடுமை, 20 முதல் மிகக் கடுமை. இந்த எண்ணே நோய்க்கான தீர்ப்பு ஆகாது. மருத்துவர் நேரில் பேசிப் பார்ப்பதற்கு இது ஒரு தொடக்கம் மட்டுமே.

பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் ஒருவர் படிவத்தில் இருந்தபடியே வாசித்துக் கேட்டார். பிடிப்பில்லாமை 3, தூக்கம் 3, களைப்பு 3, பசி 2, கவனக்குறைவு 1, அசைவு மெதுவாதல் 1. இவை தடையின்றி வந்துவிட்டன. மூன்று கேள்விகளில் மட்டும் அந்தத் தாய் ‘இல்லை’ என்றார். ‘மனம் தளர்ந்து நம்பிக்கையின்மையாக உணர்ந்தீர்களா’ என்றபோது, ‘அதெல்லாம் இல்லைங்க, சாமி மேல நம்பிக்கை இருக்கு’ என்றார். ‘உங்களைத் தோல்வியடைந்தவராகக் கருதினீர்களா’ என்றபோது விழித்துப் பார்த்துவிட்டு, ‘நான் யாருக்கும் குறை வைக்கலைங்க’ என்றார். ‘தற்கொலை எண்ணம்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் மகளின் முகத்தைப் பார்த்து, ‘சேச்சே, அப்படியெல்லாம் இல்லை’ என்று அவசரமாகச் சொன்னார். மொத்தம் 13. நடுத்தரம்.

சற்று நேரம் கழித்து மூத்த மருத்துவர் வந்தார். அவர் மகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே மூன்றையும் வேறு சொற்களில் கேட்டார். ‘மனசு பாரமா, இனிமே என்ன இருக்குன்னு தோணுதாம்மா?’ ‘ஆமாங்க, பாதி நாள் அப்படித்தான் இருக்கு.’ ‘நம்மால வீட்டுக்குப் பாரம்னு தோணுதா?’ இதற்கு அவர் பதில் சொல்லவில்லை. முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தலையை அசைத்தார். அடிக்கடி தோன்றுகிறதாம். ‘காலையில கண்ணே முழிக்காம இருந்துட்டா நல்லாயிருக்கும்னு எப்பவாவது நினைச்சிருக்கீங்களா?’ ‘சில நாள் நினைச்சிருக்கேங்க. நானா எதுவும் செஞ்சுக்க மாட்டேன். பொண்ணு இருக்கா.’

இந்த மூன்றுக்கும் 2, 2, 1 என்று எண் வைத்தால் மொத்தம் 18. நடுத்தரம் என்ற வகையிலிருந்து அதற்கு மேலான வகைக்கு வந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் நோய் முற்றிவிடவில்லை. அவருக்குப் புரியும் தமிழில் கேட்டார்கள், அவ்வளவுதான். ‘நம்பிக்கையின்மை’ என்ற சொல் நம் காதில் முதலில் கடவுள் நம்பிக்கையையே நினைவூட்டுகிறது. ‘தோல்வி’ என்ற சொல் தேர்வையும் தேர்தலையும் நினைவூட்டுகிறது. ‘பாரம்’, ‘சுமை’ ஆகிய சொற்கள்தாம் தன்மதிப்பு இழந்த ஒரு தமிழ்த் தாயின் மனத்துக்குள் நேராக இறங்குகின்றன. அதனால்தான் கலைச்சொல்லை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வியைப் பேச்சில் கேளுங்கள் என்று பயிற்சிக்கு வருபவர்களிடம் சொல்லிவருகிறேன்.

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படித் தூண்டுவதில்லை, மாறாக, யாரிடமும் சொல்ல முடியாமல் சுமந்திருந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. ‘முழிக்காம இருந்தா நல்லாயிருக்கும்’ என்பதற்கும், ‘இன்ன வழியில் செய்துகொள்ளப் போகிறேன்’ என்பதற்கும் இடையே தூரம் இருக்கிறது. வழியும் நேரமும் யோசித்து வைத்திருப்பதாக ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல், ஆபத்தான பொருட்களை அகற்றிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச்செல்ல வேண்டும். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசிச் சேவை தமிழிலும் கிடைக்கிறது. இலங்கையில் 1926 என்ற எண்ணை அழைக்கலாம். இங்கேயும் சொற்கள் முக்கியம். ‘கோழைத்தனம்’ என்று சொன்னால் அடுத்தமுறை அவர் சொல்ல மாட்டார். முயற்சி செய்து பிழைத்தவரைப் பற்றி ‘தற்கொலைக்கு முயன்று தோற்றார்’ என்று எழுதுவது, பிழைத்ததையே ஒரு தோல்வியாக்கிவிடுகிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர், மாறாக நிரூபிக்கப்படாதவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மருத்துவமனைக்கு வராமல் இருக்கும் குடும்பங்களுக்கு இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி ‘மனச்சோர்வு’ என்ற சொல்லின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ‘சோர்வு’ என்றவுடன் களைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. களைப்புக்கு மருந்து ஓய்வும் சாப்பாடும்தானே என்று போய்விடுவார்கள். வெயிலில் நடந்து வந்தாலும் சோர்வுதான், இதுவும் சோர்வுதான் என்றால் எப்படி வேறுபடுத்துவது? அதற்காகவே ‘நோய்’ என்பதைச் சேர்த்து, ‘மனச்சோர்வு நோய்’ என்று சொல்கிறேன். ஒரு நாள் மனம் வாடியிருப்பதை ‘சோர்வாக இருக்கிறேன்’ என்று சொல்லட்டும். அதற்கு யாரும் மருத்துவரிடம் ஓட வேண்டியதில்லை. பிள்ளையை இழந்தவர் துயரத்தில் இருப்பதற்கும் உடனே இந்தப் பெயரை வைக்கக் கூடாது. துயரம் அலை அலையாக வரும். நடுவில் இறந்தவரைப் பற்றிய நல்ல நினைவில் ஒரு கணம் முகம் மலரும். மனச்சோர்வு நோயில் அந்த இடைவெளி அரிதாகிறது; இழந்தவரைப் பற்றிய ஏக்கத்தைவிடத் தன்னைப் பற்றிய இகழ்ச்சி ஓங்கிவிடுகிறது.

பதற்றத்துக்கு வருகிறேன். பேச்சில் ‘பதட்டம்’ என்றும், இலங்கைத் தமிழில் ‘பதகளிப்பு’ என்றும் வழங்குவது இதுவே. பயத்துக்கு எதிரே ஒரு பொருள் இருக்கும்: நாய் துரத்துகிறது, பயப்படுகிறோம். பதற்றத்துக்கு எதிரே இருப்பது ‘ஒருவேளை’ என்ற சொல். ஒருவேளை பேருந்து கவிழ்ந்துவிட்டால், ஒருவேளை குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஒருவேளை எல்லோர் முன்னாலும் நாக்குக் குழறிவிட்டால் என்று இன்னும் நடக்காததற்கு உடம்பு இப்போதே ஆயத்தமாகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு பிசைகிறது, தோள் இறுகுகிறது. நேர்காணலுக்கு முன்னால் இது வருவது இயல்பு; சற்றே பதற்றம் இருந்தால்தான் ஒழுங்காகத் தயாராவோம்.

அது எப்போது நோயாகிறது என்பதற்கு மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். பதற்றம் அந்தச் சூழ்நிலைக்குப் பொருத்தமான அளவைத் தாண்டிவிட்டதா? சூழ்நிலை முடிந்த பிறகும் வேறொன்றைப் பற்றிக்கொண்டு தொடர்கிறதா? அதற்குப் பயந்து வாழ்க்கையைக் குறுக்கிக்கொள்கிறாரா? எல்லாவற்றைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுவான பதற்ற நோய்க்குப் பரவலாகப் பயன்படும் ஒரு வரையறை 6 மாதக் காலத்தைக் கேட்கிறது. அந்த 6 மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அந்தக் கவலை இருந்திருக்க வேண்டும், கட்டுப்படுத்த முயன்றும் முடியாமல் இருந்திருக்க வேண்டும். மனச்சோர்வு நோய்க்கு 2 வாரம், இதற்கு 6 மாதம் என்ற இந்த வேறுபாடு தற்செயலானதன்று. கவலை எல்லோருக்கும் வந்துபோகும் ஒன்றாக இருப்பதால், அதை நோய் என்று அழைக்க அதிகப் பொறுமை தேவைப்படுகிறது.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓர் இளைஞர் மின்தூக்கியில் ஒருமுறை மூச்சுத் திணறியதாக உணர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தநாள் படியேறிப் போகிறார், மனம் நிம்மதியாகிறது. அந்த நிம்மதியே அவருக்குத் தவறான பாடம் கற்பிக்கிறது: ‘மின்தூக்கியைத் தவிர்த்ததால் பிழைத்தாய்.’ பிறகு நெரிசலான பேருந்தைத் தவிர்க்கிறார், பிறகு திரையரங்கை, பிறகு திருமண மண்டபத்தை. ஒவ்வொரு தவிர்ப்பும் அன்றைய பதற்றத்தைக் குறைத்து நாளைய பதற்றத்தைக் கூட்டுகிறது. வீட்டார் இதைப் பார்த்து ‘பயந்த சுபாவம்’ என்கிறார்கள். சுபாவம் என்று சொன்னால் பிறவிக்குணம், மாற்ற முடியாதது என்று பொருள். உண்மையில் இது கற்றுக்கொண்ட ஒன்று. அதனாலேயே படிப்படியாக மறக்கவும் கற்பிக்கலாம். தவிர்த்தவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, பதற்றம் தானாகத் தணியும்வரை அந்த இடத்திலேயே நின்று பழகுவது சிகிச்சையில் ஒரு முக்கியமான பகுதி. ‘தைரியமா இரு’ என்று சொல்வதால் இது நடப்பதில்லை. ஒரே நாளில் நெரிசலுக்குள் தள்ளிவிடுவதாலும் நடப்பதில்லை.

திடீரென்று வரும் பீதித் தாக்கத்தை மட்டும் தனியே சொல்கிறேன், ஏனென்றால் அதை மாரடைப்பு என்று எண்ணி அவசரப் பிரிவுக்கு ஓடிவருபவர்கள் உண்டு. நெஞ்சு அடைப்பு, மூச்சுமுட்டல், நடுக்கம், சாகப்போகிறோம் என்ற உறுதியான உணர்வு ஆகியவை சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்லத் தணியும். முதன்முறை வரும்போது இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வதே சரி. ‘இது வெறும் டென்ஷன்’ என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. இ.சி.ஜி. சரியாக இருந்தால் மருத்துவர் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவதும் சரியன்று. ஒன்றுமில்லாமல் அவர் வரவில்லை. ‘இதயம் நன்றாக இருக்கிறது, உங்களுக்கு வந்தது பீதித் தாக்கம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது’ என்று ஒரு பெயரைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

மனச்சோர்வும் பதற்றமும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது மிகச் சாதாரணம். அந்தத் தையல்காரத் தாய்க்கும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தவுடன் நெஞ்சு படபடக்கும் என்பது பிறகு தெரியவந்தது. மருத்துவர் தைராய்டுக்கும் இரத்தசோகைக்கும் பரிசோதனை எழுதினார். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் களைப்பும் மந்தமும் இதேபோல் வரும் என்பதால் அதைப் பார்க்காமல் மனச்சோர்வு என்று முடிவு செய்யக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தன. மாத்திரை எழுதினார், வாரம் ஒருமுறை உளவியலாளரிடம் பேச ஏற்பாடு செய்தார்.

மாத்திரையை வீட்டில் ‘தூக்க மாத்திரை’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். மனநலப் பிரிவில் கொடுக்கும் எல்லா மாத்திரைக்கும் நம்மிடையே இந்த ஒரே பெயர்தான், இது செய்யும் கேடு பெரிது. தூக்க மாத்திரை என்றால் பழக்கமாகிவிடும் என்ற பயம் உடனே வருகிறது. டயஸெபாம், அல்பிரஸோலம் போன்றவற்றுக்கு அந்தப் பயம் நியாயமானது. அவற்றை மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆனால் மனச்சோர்வு நீக்கி மருந்துகள் வேறு வகை. அவற்றைத் தேடித் தவிக்கும் ஏக்கமோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகும் தேவையோ வருவதில்லை. அதே சமயம் அவற்றின் பலன் இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் தெரியத் தொடங்கும், முழுமையாகத் தெரிய இன்னும் சில வாரங்கள் ஆகலாம். வயிற்றுக் குமட்டல் போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் பின்னால், தொல்லை முன்னால் என்ற இந்த வரிசை தெரியாதவர்கள் பத்தாம் நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் சில மாதங்கள், பொதுவாக ஆறு மாதமாவது, தொடரச் சொல்வார்கள்; நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். மகள் மாத்திரை உறையின் மேல் பேனாவால் ‘மனச்சோர்வு மருந்து, காலை, சாப்பிட்ட பின்’ என்று எழுதி வைத்தார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைத் தூக்க மாத்திரை என்று சொல்லவில்லை.

கடைசியாக, நோயைப் பற்றிப் பேசும் வாக்கியத்தின் அமைப்பு. தமிழில் ‘நான் காய்ச்சல்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். ‘-கு’ என்ற அந்த வேற்றுமை உருபு, நோயை ஆளுக்கு வெளியே நிறுத்தி, அவரிடம் வந்து சேர்ந்த ஒன்றாகக் காட்டுகிறது. வந்தது போகவும் கூடும். ஆனால் மனம் என்று வந்துவிட்டால் இந்த இலக்கணத்தைக் கைவிட்டு, ‘அவன் ஒரு மென்டல்’, ‘அவள் மனநோயாளி’ என்று ஆளையே நோயாக்கிவிடுகிறோம். சென்னைக்காரர்கள் சிலர் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்தது. 1794இல் தொடங்கி இன்றுவரை எண்ணற்றவர்களுக்குச் சிகிச்சை தந்துவரும் ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே வசவாக்கியிருக்கிறோம். ‘அவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கிறது’, ‘அவருக்குப் பதற்ற நோய் வந்திருக்கிறது’ என்று காய்ச்சலுக்குச் சொல்வதுபோலவே சொன்னால் போதும்; புதிய சொல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

ஏழாவது வாரம் அந்தத் தாய் மீண்டும் வந்தபோது படிவத்தில் கூட்டுத்தொகை 8 என்று இருந்தது. விடியற்காலை விழிப்பு ஐந்து மணிக்குத் தள்ளிப்போயிருந்தது. ஊரிலிருந்து அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்து, ‘என்னடி, நரம்புத் தளர்ச்சின்னாங்களே, ஊசி போட்டியா?’ என்று கேட்டாராம். ‘நரம்பு இல்லக்கா. எனக்கு மனச்சோர்வு நோய் வந்திருக்கு. மருந்து சாப்பிடறேன், வாரம் ஒரு தடவை போய்ப் பேசிட்டு வர்றேன். இப்ப கொஞ்சம் பரவாயில்ல’ என்று சொன்னதாக எங்களிடம் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே வரவில்லையாம். பிறகு அக்கா மெதுவான குரலில், ‘எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு நினைக்கிறேன். எந்த டாக்டர்னு சொல்லு’ என்றாராம்.